பெண் பார்க்க வரும் நாளில் என்ன உடுத்துவது?



சென்ற கோடைக்காலத்தில் திருச்சானூரில் குடியிருக்கும் ஒரு தாயார் என்னிடம் வந்து மிகவும் வருத்தத்தோடு பேசினார். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகத் திருப்பதிக்கு வந்த குடும்பம் அது. மூத்த மகள் ஒரு மருத்துவமனையில் செவிலியராக வேலை செய்கிறாள். அவளைப் பார்க்க வந்த முதல் வரனின் வீட்டார், "பெண்ணுக்கு இதில் இஷ்டமில்லை போலத் தோன்றுகிறது, கட்டாயப்படுத்தாதீர்கள்" என்று சொல்லியனுப்பிவிட்டார்களாம். மகளோ, "எனக்கு இஷ்டமில்லாமல் இல்லை, அம்மா. அந்தச் சேலையோடு போராடிக்கொண்டிருந்ததில் அவர்கள் கேட்டதே என் காதில் விழவில்லை" என்று அழுதிருக்கிறாள்.

நான் பல வருடங்களாகத் தையல் வேலை செய்கிறவள். ஆகையால், என்ன கட்டியிருந்தாள், எப்படிக் கட்டியிருந்தாள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். பெரியம்மாவுடைய காஞ்சிபுரம் பட்டுச் சேலையை இரவல் வாங்கியிருக்கிறார்கள். அழகு நிலையத்தில் ஒருவர் வந்து முந்தானையை இரண்டு விரல் அகல மடிப்புகளாக மடித்து, இஸ்திரி போட்டு, தோளில் ஒன்றும் மார்பில் ஒன்றும் முதுகுப் பக்கம் ஒன்றுமாக மூன்று ஊசி குத்தியிருக்கிறார். குதிகால் உயர்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டிய சேலை அது. பார்ப்பதற்குப் படத்தில் உள்ளதுபோல் இருந்ததாம்.

வந்தவர்கள் அமர்ந்தவுடன் போதகர், "ஜெபத்தோடு ஆரம்பிப்போம்" என்று சொன்னார். எல்லாரும் முழங்காற்படியிட்டார்கள். நம் பிள்ளை முந்தானையை எடுத்துத் தலையை மூடப் பார்த்தாள், வரவில்லை. மூன்று இடத்தில் ஊசி இருக்கும்போது எப்படி வரும்? இழுத்ததில் பட்டின் ஓரம் கிழிந்தது. இரவல் சேலை கிழிந்ததே என்கிற பயம், தலை மூடாமல் இருக்கிறோமே என்கிற கூச்சம், இவ்விரண்டோடும் ஜெபம் முடிந்தது. பின்பு காப்பித் தட்டை எடுத்து வரும்போது வீட்டுக்குள் செருப்பு ஏது? செருப்பின் உயரத்துக்குக் கட்டிய சேலை தரையில் இரண்டு அங்குலம் புரண்டது. கொசுவம் காலில் சிக்கித் தடுமாறினாள். அதற்குப் பிறகு அவள் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. வந்தவர்கள் அதை விருப்பமின்மை என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவர்கள் கண்டதை வைத்துத்தானே அவர்கள் தீர்மானிக்க முடியும்?

இரண்டாவது வரன் மே மாதத்தில் வருவதாக இருந்தது. சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்து, திருப்பதியில் இறங்கி, ஆட்டோவில் திருச்சானூர் வருவார்கள். "இந்த முறை என்ன கட்டுவது, அக்கா? பேசாமல் சுடிதார் போட்டுவிடட்டுமா?" என்று தாயார் கேட்டார். நாங்கள் செய்ததை அப்படியே உங்களுக்கும் எழுதுகிறேன்.

சேலையா சுடிதாரா என்பதை நாம் வீட்டுக்குள் உட்கார்ந்து ஊகிக்க வேண்டியதில்லை. நடுவில் பேசுகிறவரிடம் கேட்டுவிடலாம். அவர்கள் வீட்டு மருமகள்கள் என்ன உடுத்துகிறார்கள், சந்திப்பு வீட்டிலா சபை மண்டபத்திலா, தரையில் பாய் விரித்து அமர்வார்களா நாற்காலியா என்கிற மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நகரத்தில் வளர்ந்து தினமும் சுடிதாரில் வேலைக்குப் போகிற பிள்ளை, தன்னைச் சுடிதாரில் காண்பிப்பது பொய்யற்ற காரியம்தான். ஆனால், வருகிறவர்களில் வயதான பாட்டியார் ஒருவர் இருந்து, அவர் சேலையை எதிர்பார்த்தால், அன்றைய பேச்சு முழுவதும் உடையைப் பற்றியதாகிவிடும். எங்களுக்கு வந்த பதில், "பாட்டி வருகிறார்கள், சேலையென்றால் நல்லது" என்பது. ஆகையால் சேலை என்று முடிவாயிற்று.

சுடிதார்தான் என்று முடிவாகிற வீடுகளுக்காக இரண்டு காரியங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பக்கவாட்டுத் திறப்பு. கடையில் ஆயத்தமாக விற்கிற சட்டைகளில் அது இடுப்பெலும்புக்கு மேலேயே தொடங்கிவிடுகிறது. தரையில் அமர்ந்தாலும் முழங்காற்படியிட்டாலும் அந்த இடம் விரிந்து, கை அங்கேயே போய்க்கொண்டிருக்கும். தையற்காரரிடம் கொடுத்து மூன்று நான்கு அங்குலம் மூடித் தைக்கச் சொல்லுங்கள். ஆனால் மூடிய பின்பு ஒருமுறை தரையில் அமர்ந்து பாருங்கள், இடுப்பில் இறுக்கினால் ஓர் அங்குலம் பிரித்துவிட வேண்டும். மற்றொன்று துப்பட்டா. தலையை மூடி, மார்பையும் மறைத்து, அப்புறமும் ஒரு முனை மீதியிருக்க வேண்டுமானால் இரண்டேகால் மீட்டருக்குக் குறையக்கூடாது. ஷிஃபான், ஜார்ஜெட் துப்பட்டாக்கள் தலைமயிரில் நிற்பதில்லை. மங்களகிரிப் பருத்திபோல் சற்றுச் சொரசொரப்பான துணி நிற்கும்.

இனி சேலைக்கு வருவோம். நம்முடைய வீட்டுப் பெண்களுக்கு இந்த நாளில் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு தேவை இருக்கிறது. நாம் நகை அணிவதில்லை, பூ வைப்பதில்லை, பொட்டு வைப்பதில்லை. ஆகையால் முகத்துக்கு அருகே இருப்பது துணி மாத்திரமே. அதோடு, வந்தவுடன் ஒருமுறையும் போகும்போது ஒருமுறையும் ஜெபம் உண்டு. இரண்டு முறையும் தலை மூடப்படவேண்டும். ஆதியாகமம் 24-ஆம் அதிகாரத்தில் ரெபெக்காள் ஈசாக்கைத் தூரத்தில் கண்டு, ஒட்டகத்தைவிட்டு இறங்கித் தன்னை முக்காட்டால் மூடிக்கொண்டதாக வாசிக்கிறோம். ஒட்டகத்திலிருந்து இறங்கி அந்த இடத்திலேயே மூடிக்கொள்ள முடிந்ததென்றால், அது கைக்கு உடனே வருகிற துணியாக இருந்திருக்கவேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. நம் சேலையும் அப்படியே, ஒரு கையால், கண்ணாடி பாராமல், தலைக்கு வரவேண்டும்.

காஞ்சிபுரம் பட்டு உயர்ந்த துணிதான். அதில் முறுக்கேறிய பட்டு நூலும், வெள்ளி இழை சுற்றிய ஜரிகையும் சேர்வதால் எடை கூடுகிறது. அகலமான கரை தலையின் மேல் வளைந்து படியாமல் பலகைபோல் நிற்கும். விட்டால் பின்னோக்கிச் சரியும். திருமண நாளில் அது பொருந்தும். ஆனால் மே மாதத்துத் திருப்பதியில், பகல் வெப்பம் 40 பாகையைத் தொடுகிறபோது, மின்சாரமும் நின்றுபோனால், ஒரு சிறிய கூடத்தில் பன்னிரண்டு பேருக்கு நடுவே அதைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை அமைதியாகப் பேசுவது கடினம். இதற்கு நேர்மாறாக கிரேப், ஜார்ஜெட் சேலைகள் இலேசானவை. ஆனால் அவை நிற்காமல் வழுக்கும், உடலோடு ஒட்டும். ஆர்கன்சா உடலைவிட்டு விலகி நிற்கும், அமர்ந்தால் மடியில் உப்பும்.

நாங்கள் தேர்ந்துகொண்டது வெங்கடகிரி. திருப்பதியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள ஊர். 2022-இல் திருப்பதி மாவட்டம் உருவானபோது அதில் சேர்க்கப்பட்டது. அங்கே நெய்யப்படும் பருத்திச் சேலைக்கு 100-ஆம் எண் நூலைப் பயன்படுத்துகிறார்கள். நூலின் எண் ஏற ஏற இழை மெல்லியதாகும் என்பது உங்களில் நெசவுக் குடும்பத்தாருக்குத் தெரியும். அவ்வளவு மெல்லிய நூலாயிருப்பதால் சேலை இலேசாகவும் காற்றோட்டமாகவும் இருக்கிறது. பருத்தியாயிருப்பதால் தலையில் வழுக்காமல் நிற்கிறது. பட்டும் பருத்தியும் கலந்து நெய்வதும் உண்டு. அதில் சிறிது மினுமினுப்பு இருக்கும். அந்தத் தாயார், "பருத்தியைக் கட்டினால் ஏழ்மையாகத் தெரியாதா, அக்கா?" என்று தயங்கியபடியால், கலப்புச் சேலையையே எடுத்தோம். கரை ஒரு விரல் அகல ஜரிகை. ஜரிகையும் வேண்டாம் என்கிற வீடுகள் நம்மில் உண்டு. அவர்கள் நூல் கரை கேட்டு வாங்கலாம்.

கடையில் பார்க்கவேண்டியது இரண்டு. சேலையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கையால் பூ எடுத்து நெய்த ஜாம்தானி வேலையில் பூ இருபுறமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இயந்திரத் தறியில் செய்த போலியில் உட்புறம் நீண்ட இழைகள் தொங்கும். அல்லது அவற்றை வெட்டிவிட்ட முனைகள் சொரசொரவென்றிருக்கும். தொங்கும் இழை கைக்கடிகாரத்திலும் கால்விரலிலும் மாட்டிக்கொள்ளும். அடுத்தது நிறம். கடை விளக்கில் எல்லா நிறமும் ஒளிரும். வாசலுக்கு எடுத்து வந்து, பகல் வெளிச்சத்தில், முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். நம் பிள்ளைக்கு முதலில் பிடித்தது சந்தன நிறம். கையைத் துணிக்கு உள்ளே விட்டுப் பார்த்தால் விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. அவ்வளவு மெல்லிய துணியில் வெளிர் நிறம் எடுத்தால் உள்பாவாடையின் விளிம்பும் ரவிக்கையின் தையலும் வெளியே தெரியும். ஆகையால் மயில்கழுத்து நிறத்துக்கு மாறினோம்.

புதுச் சேலையை அன்றைக்கே முதன்முதலாகக் கட்டக்கூடாது. நெசவுக்காரர் போட்ட கஞ்சி இருக்கும். வயிற்றருகே கொசுவம் குடைபோல் விரியும். முதலில் ஓர் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்துச் சாயம் ஒட்டவில்லை என்று கண்டபின், வெறும் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி நிழலில் உலர்த்தினோம். சாயம் ஒட்டினால் அலச வேண்டாம். இரண்டு நாள் வீட்டில் கட்டி நடந்தாலே துணி இளகிவிடும். அடியில் தைக்கிற ஃபால்ஸ் துணியையும் முன்னதாகவே நனைத்து உலர்த்திவிடுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையில் அது மட்டும் சுருங்கி, சேலையின் அடி அலை அலையாக இழுத்துக்கொள்ளும். ஃபால்ஸ் தைக்கவும் ஓரம் அடிக்கவும் ரவிக்கைக்கும் சேர்த்து ஒரு வாரமாவது தையற்காரருக்குக் கொடுங்கள். முந்தின நாள் இரவு கொண்டுவந்து கொடுத்துவிட்டு எங்களை அவசரப்படுத்துகிறவர்களுக்கு இதை எழுதாமல் விடமுடியவில்லை!

ரவிக்கையைக் குறித்து ஒரே ஒரு காரியம். கையை மேலே தூக்கும்போது அது மேலேறக்கூடாது. அளவெடுக்கும்போது கைகளைத் தொங்கவிட்டபடி எடுப்பதால்தான் இந்தக் குறை வருகிறது. தலையை மூடுகிறபோதும், காப்பி கொடுக்கிறபோதும் கை உயரும். ஆகையால் நீளத்தில் ஓர் அங்குலம் கூட்டி, அக்குளில் சற்றுத் தாராளமாக வெட்டி, முழங்கை வரைக்கும் கை வைத்துத் தைத்தேன். வியர்வை தெரியாமலிருக்க உள்ளே பருத்தித் துணி கொடுத்தேன். உள்பாவாடையும் பருத்திதான், சாட்டின் பாவாடையில் சொருகிய கொசுவம் நழுவும்.

இனி கட்டுகிற முறை. வீட்டில் சந்திப்பு என்றால் வெறுங்காலோடு நின்று கட்டவேண்டும். அடி ஓரம் தரையைத் தொடாமல் கால்விரலை மூடினாற்போல் இருந்தால் போதும். மண்டபத்தில் என்றால் எந்தச் செருப்போ அதைப் போட்டுக்கொண்டு கட்டவேண்டும். முந்தானை, தோளிலிருந்து பின்புறம் முழங்கால் வரைக்கும் தொங்கவேண்டும். அதற்குக் குறைந்தால் தலையைச் சுற்றி வலது தோளுக்கு எட்டாது. அந்த நீளம் கிடைக்க முன்கொசுவத்தில் ஒரு மடிப்பைக் குறைத்துக்கொள்ளலாம். முந்தானை மடிப்புகளை நான்கு விரல் அகலமாக எடுத்து, ஒரே ஓர் ஊசியை, தோளின் உச்சியில் அல்லாமல் சற்றுப் பின்னால் தள்ளி, உள்மடிப்பையும் ரவிக்கையையும் மட்டும் சேர்த்துக் குத்தினோம். மற்ற மடிப்புகள் வெறுமனே அதன்மேல் அமர்ந்திருக்கும். பின்னாலிருந்து இழுத்தால் அவை விரிந்து தலைக்கு வரும். ஜெபம் முடிந்து தள்ளினால் திரும்ப அமரும். முன்போல் அச்சு மாறாமல் அமராது, உண்மைதான். அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் அதே கூடத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, அரைமணி நேரம் ஒத்திகை பார்த்தோம். பிள்ளை முழங்காற்படியிட்டாள், எழுந்தாள், தலையை மூடினாள், ஆறு டம்ளர் தண்ணீர் வைத்த தட்டை எடுத்து நடந்தாள், பாயில் அமர்ந்தாள். நான் சேலையைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடை சரியில்லாத இடத்துக்குக் கை தானாகவே போகும். தோளுக்குப் போனால் முந்தானை சரிகிறது. இடுப்புக்குப் போனால் பாவாடை நாடா இறுக்கம் அல்லது தளர்வு. முதுகுக்குப் போனால் ரவிக்கை ஏறுகிறது. முன்புறம் தொடைக்குப் போனால் கொசுவம் காலில் இடிக்கிறது. அவள் கை நான்கு முறை இடுப்புக்குப் போயிற்று. பார்த்தால், பழைய பாவாடை நாடா மெல்லிய கயிறு, சதையில் அழுத்தியிருந்தது. இரண்டு விரல் அகலப் பட்டியாக மாற்றித் தைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு கை அங்கே போகவில்லை.

இன்னொரு காரியம், திருச்சானூர்ப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்காக மட்டும். கார்த்திகை மாதத்தில் பத்மாவதி கோயில் உற்சவம் முடிகிற பஞ்சமி தீர்த்த நாளில் ஊரெங்கும் ஜனத்திரள், வாகனங்கள் நகராது. அந்த நாளை வரன் வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளையைக் காலையிலிருந்து மாலைவரை கட்டிய சேலையோடு காத்திருக்க வைத்த வீட்டை நான் அறிவேன். எந்தத் துணியும் அதற்குத் தாங்காது. அவர்கள் ரயிலைவிட்டு இறங்கினோம் என்று தொலைபேசியில் சொன்ன பிறகு கட்டத் தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும்.

மே மாதத்தில் அந்த வீட்டார் வந்தார்கள். நானும் உடனிருந்தேன். ஜெபத்தில் தலை மூடியது, காப்பி வந்தது, பாட்டியார் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கரையைத் தடவிப் பார்த்து, "இது எந்த ஊர் நெசவு, அம்மா?" என்று கேட்டார். பிள்ளை வெங்கடகிரியைப் பற்றிச் சொன்னாள். அதிலிருந்து பேச்சு வளர்ந்தது. மெதுவாக அவளே மாப்பிள்ளைப் பிள்ளையைப் பார்த்து, "எனக்கு மாதத்தில் சில நாட்கள் இரவு வேலை வரும். கலியாணத்துக்குப் பின்பும் நான் அதைச் செய்யலாமா?" என்று கேட்டாள். அந்தத் தம்பி யோசித்து, பகல் வேலை மட்டுமென்றால் சம்மதம் என்று நேர்மையாகச் சொன்னார். அவள் பகல் வேலை மட்டும் தரமாட்டார்கள் என்றாள். இரு வீட்டாரும் ஜெபித்து, சாப்பிட்டு, மனத்தாங்கல் இல்லாமல் பிரிந்தார்கள்.

அந்த வரன் அமையவில்லை. இரண்டு நாள் கழித்து, "அடுத்த முறைக்கும் இதே சேலையா, வேறு எடுக்கலாமா, அக்கா?" என்று தாயார் கேட்டபோது, பிள்ளை உள்ளேயிருந்தே, "இதுவே போதும், அம்மா" என்றாள். இப்போது அதை ஞாயிறு ஆராதனைக்கும் கட்டி வருகிறாள். துவைக்கத் துவைக்க இன்னும் மென்மையாகியிருக்கிறது.